5,800 சதுர அடி குடோனில் எத்தனை பேலட் நிற்கும்?

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் யாரிடமாவது குடோன் வாடகைக்குக் கேட்டுப் பாருங்க. பதில் இப்படித்தான் வரும்: "5,800 சதுர அடி, 26 அடி உயரம்." அவ்வளவுதான். ஷூ கம்பெனியோ லெதர் ஏஜென்ட்டோ கேட்கிற கேள்வி வேற. அவங்களுக்கு சதுர அடி முக்கியம் இல்ல, "எத்தனை பேலட் உள்ளே போகும்?" என்பதுதான் முக்கியம். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கணக்கைத்தான் இங்கே முழுசா போட்டுப் பார்க்கப் போறோம்.

கணக்குக்காக ஒரு குடோனை நாமே வச்சுக்குவோம். உள்ளளவு 30 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். அதாவது 540 சதுர மீட்டர், மேலே சொன்ன 5,800 சதுர அடி. ஷீட் கூரை, நடுவுல உச்சி 8 மீட்டர். ஷட்டர் 18 மீட்டர் பக்கம் இருக்கு. பேலட் 1200 × 1000 மி.மீ. சரக்கு, ஷூ அடுக்கின அட்டைப்பெட்டிகள்.

முதல்ல எல்லாரும் போடுற கணக்கைப் போடுவோம். ஒரு பேலட்டுக்கு 1.2 சதுர மீட்டர். 540-ஐ 1.2-ஆல் வகுத்தா 450. சரக்கோட ஒரு பேலட் 1.3 மீட்டர் உயரம், 8 மீட்டருக்குள்ள 6 அடுக்கு. 450 × 6 = 2,700 பேலட். கேட்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இந்தக் குடோனில் நிஜமா நிற்கப் போறது இதுல எட்டுல ஒரு பங்குகூட இல்ல. மீதி எங்கே போச்சுன்னு பார்த்தா பாதி கணக்கு புரிஞ்சிடும்.

பெரிய திருடன் வண்டி ஓடுற பாதை. இதை ஐல்னு சொல்றாங்க. சாதாரண செலக்டிவ் ரேக்கில் ஒவ்வொரு பேலட்டும் ஏதாவது ஒரு ஐலைப் பார்த்து நிற்கணும், அப்பதான் எந்த பேலட்டையும் மத்ததைத் தொடாம எடுக்க முடியும். அதனால ரேக்கை முதுகோடு முதுகா ரெண்டு ரெண்டா நிறுத்தி, நடுவுல ஐல் விடுவாங்க. சுவர் ஓரத்துல மட்டும் ஒத்தை வரிசை.

இரட்டை வரிசைக்கு எவ்வளவு ஆழம்? பேலட்டின் 1200 பக்கம் ரேக்குக்குள்ளே போகும், 1000 பக்கம் ஐலைப் பார்க்கும். ரேக் ஃப்ரேமின் ஆழம் 1000 தான் போடுவாங்க, பேலட் முன்னும் பின்னும் 100 மி.மீ. வெளியே நீட்டிக்கிட்டு நிற்கும். ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல 300 மி.மீ. ஸ்பேசர். மொத்தம் 100 + 1000 + 300 + 1000 + 100 = 2500. சுவரோர ஒத்தை வரிசைக்கு பேலட் 1200, சுவர் இடைவெளி 100, ஆக 1300. இங்கே ஒண்ணு கவனிங்க: ஐல் அகலத்தை பேலட் முகத்திலிருந்து பேலட் முகத்துக்கு அளக்கணும். வரைபடத்துல அப்ரைட்டிலிருந்து அப்ரைட்டுக்கு அளந்தா 200 மி.மீ. கூடுதலா தெரியும், வண்டி ஓட்டுறவருக்கு அந்த 200 கிடைக்காது.

இரட்டை வரிசைகளின் எண்ணிக்கை d, ஐல் அகலம் a என்றால், ரெண்டு சுவரிலும் ஒத்தை வரிசை வைக்கத் தேவையான அகலம் இது:

```
W = 2 × 1.3 + 2.5 × d + (d + 1) × a
```

இப்போ எந்த வண்டி? சாதாரண கவுன்டர்பேலன்ஸ் ஃபோர்க்லிஃப்ட், பின்னாடி எடை வச்சு முன்னாடி தூக்குற வண்டி, நேரா நின்னு 90 டிகிரி திரும்பி பேலட்டை வைக்க சுமார் 3.6 மீட்டர் கேட்கும். மாடலைப் பொறுத்து கொஞ்சம் கூடும், குறையும். ரீச் டிரக்குக்கு 2.8 மீட்டர் போதும், ஏன்னா அது மாஸ்ட்டையே முன்னும் பின்னும் நகர்த்தும்.

d = 2 வச்சுப் பாருங்க. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு 2.6 + 5 + 10.8 = 18.4 மீட்டர். நம்மகிட்ட இருக்கிறது 18. நாற்பது சென்டிமீட்டர்ல ஒரு சுவர் வரிசையே போச்சு, அஞ்சு வரிசைதான் நிற்கும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு ஐலை 3.47-ஆ குறைச்சா, ஒவ்வொரு தடவையும் வண்டி முன்ன பின்ன எடுத்துத் திருப்பணும். பின்பக்கம் எதிர் வரிசை அப்ரைட்டில் இடிக்கும். ஐல் பத்தாத குடோனை அடையாளம் கண்டுபிடிக்க ஸ்கேல் வேண்டாம், அப்ரைட்டின் அடியில் முட்டிக்குக் கீழே இருக்கிற நசுங்கலும் பெயின்ட் உரிசலும் போதும்.

ரீச் டிரக்குக்கு 2.6 + 5 + 8.4 = 16 மீட்டர். ஆறு வரிசையும் வந்துடும், 2 மீட்டர் மிச்சம். அந்த மிச்சத்துல இன்னொரு இரட்டை வரிசை போடலாமான்னு கேட்டா முடியாது, d = 3-க்கு 21.3 மீட்டர் வேணும். எண்ணிக்கை இப்படிப் படிப்படியாத்தான் ஏறும். ஐலை 80 செ.மீ. குறைச்சும் ஒரே ஒரு வரிசைதான் கூடுது. ரீச் டிரக் விலைக்கு அது தகுமான்னு அந்த 18 மீட்டர்தான் முடிவு பண்ணுது, வண்டி விக்கிற சேல்ஸ்மேன் இல்ல.

இதெல்லாம் நடுவுல தூண் இல்லைன்னா. நம்ம பக்கத்துல நிறைய குடோன் பழைய டேனரி ஷெட்தான், நடுவுல வரிசையா தூண் இருக்கும். 18 மீட்டர் அகலத்துல நடுக்கோடு 9-வது மீட்டர். மேலே போட்ட ஆறு வரிசை அமைப்புல 9-வது மீட்டர்ல என்ன இருக்கு? நடு ஐல். அதாவது வண்டி ஓடுற பாதை நடுவுல தூண். அந்த அமைப்பே அவுட். சரி, தூணை இரட்டை வரிசையின் முதுகு இடைவெளிக்குள்ளே ஒளிச்சு வைக்கலாம்னு பார்த்தா, 300 மி.மீ. தூணுக்கு இரட்டை வரிசை 2.8 மீட்டர் ஆகும். ரெண்டு பக்கமும் தலா 7.6 மீட்டர் மிச்சம். அதுல ஒரு ஐலும் ஒரு சுவர் வரிசையும் தவிர வேற எதுவும் அடங்காது. மொத்தம் நாலே வரிசை. ரீச் டிரக் வாங்கினாலும் நாலுதான், ஃபோர்க்லிஃப்ட் வச்சாலும் நாலுதான்! அதே சதுர அடி, அதே வாடகை. அதனால குடோன் பார்க்கப் போறப்போ பரப்பளவைக் கேட்கிறதுக்கு முன்னாடி தூண் எங்கே இருக்குன்னு பாருங்க. அகலத்தையும் சுவருக்குச் சுவர் அளக்காதீங்க, உள்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற தூண் முகத்துக்கு முகம் அளங்க. நம்ம 18 மீட்டர் அப்படி அளந்தது, நடுத்தூணும் இல்லைன்னு வச்சுக்கிட்டு ஆறு வரிசையோட மேலே போவோம்.

நீளவாக்குக் கணக்கு சுலபம். ஒரு பே என்பது ரெண்டு அப்ரைட்டுக்கு நடுவுல இருக்கிற இடம். அதுல 1000 அகல பேலட் ரெண்டு நிற்க 2300 மி.மீ. பீம் போடுவாங்க: ரெண்டு பேலட்டுக்கு 2000, மீதி 300-ஐ மூணு இடைவெளிக்குத் தலா 100. இந்த 100-ஐ வீணுன்னு நினைச்சு குறைக்காதீங்க. மூணு மீட்டர் மேலே கண்ணால பார்த்து வைக்கிற வேலை அது. அப்ரைட் அகலம் 100 சேர்த்தா ஒரு பே 2400. பத்து பே போட்டா 24 மீட்டர், கடைசி அப்ரைட்டோட 24.1. மீதி 5.9 மீட்டர்ல பின்சுவர் அவசர வாசலுக்குப் போக 1 மீட்டர் விட்டுடுங்க. முன்னாடி 4.9 மீட்டர், ஒரு ஐலிலிருந்து இன்னொரு ஐலுக்கு வண்டி திரும்பவும், லாரியிலிருந்து இறங்கின சரக்கை வச்சு எண்ணவும். இந்த முன்னிடத்தையும் விடாம ரேக் போட்டு நிரப்பின குடோனில், சரக்கு ஐலுக்குள்ளேயே இறங்கும். அப்புறம் அந்த ஐலின் ரெண்டு பக்க பேலட்டும் அன்னைக்கு எடுக்க முடியாது.

ரேக்கை 18 மீட்டர் வாக்கில் திருப்பிப் போட்டா கூடுமான்னு ஒரு சந்தேகம் வரும். போட்டுப் பார்த்துடலாம். ரீச் டிரக்குக்கு 30 மீட்டர்ல பத்து வரிசை வரும், ஆனா ஒவ்வொண்ணுலயும் அஞ்சு பேதான். ஒரு மட்டத்துக்கு 10 × 5 × 2 = 100 பேலட். நீளவாக்குல 6 × 10 × 2 = 120. காரணம், திரும்புற இடத்தை 18 மீட்டர் வரிசையிலிருந்து வெட்டினா வரிசையில மூணுல ஒரு பங்கு போயிடுது. 30 மீட்டர் வரிசையில அஞ்சுல ஒரு பங்குதான்.

இப்போ உயரம். இங்கேதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

26 அடின்னு சொன்னாரே, அது கூரை உச்சி. ரேக்குக்கு உச்சி எதுக்கும் உதவாது. ட்ரஸ்ஸின் அடிக்கம்பி எங்கே இருக்கோ அதுதான் உயரம். நம்ம குடோனில் அது 6 மீட்டர். அதுக்குக் கீழே 500 மி.மீ. விடுங்க, லைட் தொங்கும், ஸ்பிரிங்க்ளர் இருந்தா தண்ணி குடை மாதிரி விரிஞ்சு விழ இடம் வேணும். தீயணைப்பு டிசைன் அதுக்கு மேல கேட்டா அதையும் விடணும். ஆக மேல் பேலட்டின் தலை 5.5 மீட்டரைத் தாண்டக்கூடாது.

நம்ம அட்டைப்பெட்டி 600 × 400, உயரம் 285 மி.மீ.ன்னு வைங்க. ஒரு வரிசைக்கு அஞ்சு பெட்டி சரியா 1200 × 1000-ல் உட்காரும். பேலட் 150, அதுமேல நாலு வரிசைப் பெட்டி, மொத்தம் 1290. பீம் தடிமன் 100, தூக்கி எடுக்க இடைவெளி 100 சேர்த்து ஒரு மட்டம் 1490. ஆனா நினைச்ச இடத்துல பீம் மாட்ட முடியாது. அப்ரைட்டில் ஓட்டை இருக்கிற இடத்துலதான் மாட்டலாம். ஓட்டை 75 மி.மீ.க்கு ஒண்ணுன்னா 1500. தரையில ஒண்ணு, 1500-ல் ஒண்ணு, 3000-ல் ஒண்ணு. மூணாவதின் தலை 4290. நாலாவது வச்சா 5790, தாண்டிடும். ஆக மூணு மட்டம், மேலே 1.2 மீட்டர் காத்து.

அந்தக் காத்தைப் பார்த்ததும் "ஒரு வரிசைப் பெட்டியைக் குறைச்சா நாலு மட்டம் வருமே"ன்னு தோணும். வரும். மூணு வரிசைப் பெட்டின்னா பேலட் 1005, பீம் 1275-க்கு ஒண்ணு, நாலாவதின் தலை 4830. பேலட் இடம் 360-லிருந்து 480 ஆயிடும்! பெட்டியை எண்ணுங்க: முன்னாடி 3 மட்டம் × 4 வரிசை = 12. இப்போ 4 மட்டம் × 3 வரிசை = 12. ஒரு பெட்டிகூட கூடல. பீமும் பேலட்டும்தான் கூடுதல் செலவு. பேலட் இடத்துக்கு வாடகை வாங்குறவருக்கு இது லாபம், சரக்கு வைக்கிறவருக்கு இல்ல.

எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்க. அஞ்சு வரிசைப் பெட்டி அடுக்கினா பேலட் 1575. பீம் 1800-க்கு ஒண்ணு. மூணாவதின் தலை 3600 + 1575 = 5175. உள்ளே அடங்குது. 3 × 5 = 15. அதே மூணு மட்டம், அதே 360 இடம், பெட்டி மட்டும் 25 சதவீதம் கூடுதல். அடிப்பெட்டி நாலு பெட்டி எடையைத் தாங்கணும், ஸ்ட்ரெச் ஃபிலிம் இறுக்கமா சுத்தணும், வண்டி 3.6 மீட்டருக்கு மேல தூக்கணும். 3 மீட்டர் மாஸ்ட் வச்ச ஃபோர்க்லிஃப்ட் இங்கே எட்டாது. இதெல்லாம் சரியா இருந்தா, பீமைக் கழட்டி முதல் மட்டத்தை நாலு ஓட்டை, ரெண்டாவதை எட்டு ஓட்டை மேலே மாட்டினா போதும், வேலை முடிஞ்சதுன்னு தோணும்.

முடியல. நம்ம ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல ஆய்லர் பக்ளிங் படிச்சது ஞாபகம் இருக்கா? தூண் தாங்குற எடை, பிடிப்பு இல்லாத நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ். ரேக்கில் அப்ரைட்டை ஐல் வாக்கில் பிடிச்சு வச்சிருக்கிறது பீம் மட்டும்தான். முதல் பீம் 1500-ல் இருந்து 1800-க்குப் போனா நீளம் 1.2 மடங்கு, வர்க்கம் 1.44. ஆய்லர் கணக்குப்படி தாங்குற எடை 69 சதவீதத்துக்கு இறங்கிடும். நிஜ அப்ரைட் மெல்லிய தகட்டை மடக்கி ஓட்டை போட்டது, அதன் சரியான எண்ணைத் தயாரிப்பாளரின் டேபிள்தான் சொல்லும். ஆனா திசை இதுதான்: பீம் மேலே போனா அப்ரைட் பலவீனம்.

ஷூவுக்கு இது பிரச்சினையே இல்ல. பெட்டி 10 கிலோன்னா 25 பெட்டி 250, பேலட்டோட 300-க்குள்ள முடியும். தரை பேலட் தரையிலயே நிற்குது, அதை ரேக் சுமக்கல. மேல் ரெண்டு மட்டத்துல ஒரு பேக்கு நாலு பேலட், 1200 கிலோ. நடு ஃப்ரேம் ஒவ்வொண்ணும் ரெண்டு பக்கமும் பாதிப் பாதி வாங்கி ஒரு முழு பேயின் எடையைச் சுமக்கும். அதுக்கு ரெண்டு கால். காலுக்கு 600 கிலோ.

இப்போ அடுத்த சீசன்ல அதே குடோனுக்கு வெட் ப்ளூ வருது. குரோம் பதனிட்ட ஈரத்தோல். பேலட் உருவம் இதைவிடக் குட்டி, எடை ஒரு டன்னுன்னு வைங்க. இடம் அதே 360 தான், எண்ணிக்கை மாறல. ஆனா காலுக்கு இப்போ 2000 கிலோ. அதுவும் யாரோ போன வருஷம் ஷூவுக்காக மேலே தூக்கி மாட்டின பீமோட. கணக்குத் தாளில் "360 பேலட்"னு மட்டும் எழுதியிருந்தா, இந்த மாற்றம் யார் கண்ணுலயும் படாது. ரேக் சரியிறப்போ ஒரு பேயோட நிற்காது, பக்கத்து ஃப்ரேமையும் இழுத்துக்கிட்டு விழும். கீழே பெட்டி எண்ணிக்கிட்டு ஒருத்தர் நிற்கிற இடம் அது.

தரையும் இதே கணக்குலதான் வரும். அந்த 2000 கிலோ ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடச் சின்ன பேஸ் பிளேட் வழியா இறங்குது. இரட்டை வரிசையில 300 மி.மீ. தள்ளி இன்னொரு 2000. நல்ல கான்கிரீட் தரை தாங்கும், எவ்வளவு தடிமன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். மணல் மேலே கடப்பா கல் பதிச்ச பழைய தரை தாங்காது, கல் விரிசல் விட்டு ஒரு கால் கீழே இறங்கும், ஃப்ரேம் சாயும். ரீச் டிரக்கும் அந்தத் தரையில ஓடாது, அதன் சின்ன சக்கரம் கல் இணைப்புல தட்டும். இன்னொண்ணு, உப்புத்தோல் வச்ச குடோன்னா பேஸ் பிளேட்டையும் ஆங்கர் போல்ட்டையும் குனிஞ்சு பாருங்க. உப்புத்தண்ணி முதல்ல தின்கிறது அங்கேதான், மேலே பெயின்ட் பளபளன்னு இருக்கும்.

சரி, கடைசி எண். ஆறு வரிசை, பத்து பே, ரெண்டு பேலட், மூணு மட்டம்: 360. சுவர்ல மின் பேனல் போர்டு இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு பே முழுசா காலி விடணும், 6 போச்சு. 354. இதையும் முழுசா நிரப்பித் திட்டம் போட முடியாது. எல்லா இடமும் நிறைஞ்சா, புதுசா வர்ற பேலட்டை வைக்க ஒரு பேலட்டை எடுத்து வெளியே வைக்கணும். செலக்டிவ் ரேக்குக்கு 85 சதவீதம்தான் வழக்கமா எடுத்துக்கிற எண், அப்படின்னா தினசரி 300 பேலட். பெட்டியில சொன்னா, பேலட்டுக்கு 25 வீதம் 7,500. 2,700 பேலட்டில் தொடங்கினோம், ஞாபகம் இருக்கட்டும்.

வாடகை பேசுறப்போ இந்த 300-ஐ வச்சுப் பேசுங்க. ரேக் ஆர்டர் பண்றப்போ 354-ஐச் சொல்லுங்க, கூடவே மூணு எண் எழுதிக் கொடுங்க: பேலட்டின் அதிகபட்ச எடை, முதல் பீமின் உயரம், தரையின் தடிமன். ஷூவுக்கு 300 கிலோ, நாளைக்கு வெட் ப்ளூ வரும்னா 1000 கிலோ, அதை அன்னைக்கே சொல்லிடணும். வரிசை முனையில மாட்டுற லோட் போர்டில் பே எடையும் பீம் உயரமும் சேர்ந்தேதான் எழுதியிருக்கும். பீமை ஒரு ஓட்டை மேலே நகர்த்தினாலும் அந்த போர்டு பழசு, தயாரிப்பாளர்கிட்ட புது எண் வாங்கின பிறகுதான் பேலட்டை ஏத்தணும்.